புட்டுக்கு 90, காலுக்கு 21

நிஃப்டி ஃபியூச்சர்ஸ் 25,000இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரிக்கு இன்னும் 30 நாள். 1,250 புள்ளி கீழே, 23,750 ஸ்ட்ரைக்கில் ஒரு புட் ஆப்ஷன் வாங்கப் போனால் 90 ரூபாய் கேட்கிறார்கள். அதே 1,250 புள்ளி மேலே, 26,250 ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷன் 21 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தூரமும் ஒன்று, நாளும் ஒன்று. விலையில் மட்டும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் சந்தை அமைதியாக இருக்கும் ஒரு சாதாரண மாதத்தில், தேசியப் பங்குச் சந்தையின் ஆப்ஷன் செயினைத் திறந்தால் கிட்டத்தட்ட இந்தச் சாயல்தான் தெரியும்.

ஆப்ஷன் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி. 23,750 புட் வைத்திருப்பவருக்கு, எக்ஸ்பைரி அன்று நிஃப்டி அந்த அளவுக்குக் கீழே எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு பணம் கிடைக்கும். போகாவிட்டால் கொடுத்த பிரீமியம் போயிற்று. கால் இதற்கு நேர் எதிர். 26,250க்கு மேலே போனால்தான் பணம்.

முதலில் யாருக்கும் தோன்றும் விளக்கம், “சந்தை விழும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அதனால் புட் விலை ஏறியிருக்கிறது” என்பது. அப்படியானால் ஃபியூச்சர்ஸ் விலையே இறங்கியிருக்க வேண்டுமே? அது 25,000இல் அசையாமல் நிற்கிறது. சந்தை எந்தப் பக்கம் போகும் என்ற கணிப்பு ஏற்கெனவே அந்த விலைக்குள் இருக்கிறது. ஆப்ஷன் விலையில் இருப்பது வேறொன்று.

அதைப் பார்க்க, ஆப்ஷனுக்கு விலை போடும் சூத்திரத்தைக் கொஞ்சம் தொட்டாக வேண்டும். ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குள் போடும் எண்களில் ஸ்ட்ரைக், இன்றைய விலை, மீதமுள்ள நாள், வட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதது ஒன்றே ஒன்று: இனி வரும் நாட்களில் சந்தை எவ்வளவு ஆடும் என்பது. அந்த ஆட்டத்தின் அளவுதான் வாலட்டிலிட்டி. ஆண்டுக்கு 13 சதவீதம் என்று போட்டால், 30 நாளில் ஏறக்குறைய 3.7 சதவீதம், அதாவது 930 புள்ளி இப்படியோ அப்படியோ நகர்வது சகஜம் என்று பொருள்.

நம்முடைய இரண்டு ஆப்ஷன்களுக்கும் இந்த 13 சதவீதத்தையே போட்டு, வட்டியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தேன். புட் 35 ரூபாய், கால் 43 ரூபாய் என்று வருகிறது. சூத்திரத்தின்படி கால்தான் விலை கூடியது! காரணம் எளிது. சூத்திரம் நகர்வைச் சதவீதத்தில் அளக்கிறது. 100 ரூபாய் மூன்று முறை பத்துப் பத்து சதவீதம் ஏறினால் 133 ரூபாய்க்கு வரும். மூன்று முறை இறங்கினால் 73 ரூபாயில் நிற்கும். ஏற்றத்தில் 33, இறக்கத்தில் 27. மேலே போகும் பாதை கொஞ்சம் நீளம், அதனால் கால் கொஞ்சம் உசத்தி. ஆகவே சந்தையில் புட் விலை கூடி இருப்பது மட்டும் அல்ல புதிர். சூத்திரம் சொன்ன வரிசையையே சந்தை தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். சந்தையில் உள்ள 90 ரூபாயைக் கொடுத்து, “இந்த விலை வர வேண்டுமானால் எவ்வளவு வாலட்டிலிட்டி போட வேண்டும்?” என்று சூத்திரத்தைக் கேட்டால் 17 சதவீதம் என்கிறது. 21 ரூபாய் காலுக்கு 11 சதவீதம். விலைக்குள் ஒளிந்திருக்கும் இந்த எண்ணைத்தான் இம்ப்ளைட் வாலட்டிலிட்டி என்கிறார்கள். திரையில் IV என்று தலைப்பிட்ட பத்தியில் இருக்கும். ஒரே நிஃப்டி, ஒரே 30 நாள். அது எவ்வளவு ஆடும் என்பதற்கு இரண்டு விடை இருக்க முடியாது. ஆனால் ஸ்ட்ரைக்குக்கு ஒரு விடை வருகிறது. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யையும் இடமிருந்து வலமாகப் புள்ளி வைத்து இணைத்தால், சூத்திரம் சரியாக இருந்தால் படுத்த கோடாக வர வேண்டியது, இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிகிறது. இந்தச் சரிவுதான் ஸ்க்யூ. இரண்டு ஓரங்களும் உயர்ந்து நடுவில் குழிந்தால் அது ஸ்மைல். பங்குக் குறியீடுகளில் பெரும்பாலும் சரிவுதான். வலது ஓரத்தில் மிகத் தொலைவில் லேசாக நிமிர்வதும் உண்டு. பாதிப் புன்னகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் அவசியம், பலரும் இதில் சறுக்குகிறார்கள். விலை கூடியது புட் என்ற இனம் அல்ல, கீழ் ஸ்ட்ரைக் என்ற இடம். 23,750 ஸ்ட்ரைக்கில் காலும் இருக்கிறது, அதன் ஐ.வி.யும் அதே 17தான். ஒரே ஸ்ட்ரைக்கில் காலை வாங்கிப் புட்டை விற்றால், அந்த விலையில் ஃபியூச்சர்ஸ் வாங்கியதற்குச் சமம். எனவே இரண்டில் ஒன்று மட்டும் தனியாக விலை ஏறிவிட்டால், அந்த இடைவெளியில் ஆபத்தில்லாமல் பணம் பார்க்க ஆள் ஓடி வந்துவிடும்.

சரி, இந்தச் சரிவு எப்போதிலிருந்து இருக்கிறது? அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டு ஆப்ஷன்களைப் பொறுத்தவரை தேதியே சொல்லலாம். 1987 அக்டோபர் 19க்கு முன்பு அந்தக் கோடு ஏறக்குறையப் படுத்துத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நிமிர்ந்தது, இன்றுவரை படுக்கவே இல்லை.

அன்று திங்கட்கிழமை. முந்தைய வெள்ளியன்று 282.70இல் முடிந்த எஸ் அண்ட் பி 500, மாலையில் 224.84. ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் போயிற்று. டவ் ஜோன்ஸ் 508 புள்ளி, 22.6 சதவீதம். சிகாகோவில் எஸ் அண்ட் பி ஃபியூச்சர்ஸ் விழுந்தது இன்னும் மோசம்: 29 சதவீதம். மார்க் ரூபின்ஸ்டைனும் ஜென்ஸ் ஜேக்வெர்த்தும் பின்னாளில் ஒரு கணக்குப் போட்டார்கள். சூத்திரம் நம்பும் உலகில் அப்படி ஒரு வீழ்ச்சிக்கு என்ன வாய்ப்பு? தசமப் புள்ளிக்குப் பிறகு 159 பூஜ்யங்கள் எழுதி அதன்பின் ஒன்று போட வேண்டும். பிரபஞ்சத்தின் வயது முழுக்க தினமும் சந்தை நடந்திருந்தாலும் ஒருமுறைகூட நடந்திருக்கக் கூடாதது அது.

அந்த ரூபின்ஸ்டைனின் கதை சுவையானது. ஹேன் லேலண்ட், ஜான் ஓப்ரையன் ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய நிறுவனம், ஓய்வூதிய நிதிகளுக்கு ‘போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்’ என்ற முறையை விற்றுவந்தது. பிரீமியம் கட்டி நிஜமான புட் வாங்க வேண்டாம். புட்டைப் போலவே நடந்துகொள்ளும் ஒன்றை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம் என்பது யோசனை. சந்தை கொஞ்சம் இறங்கினால் கொஞ்சம் ஃபியூச்சர்ஸ் விற்க வேண்டும். இன்னும் இறங்கினால் இன்னும் விற்க வேண்டும். ஏறினால் விற்றதைத் திரும்ப வாங்க வேண்டும். எவ்வளவு என்பதை அதே பிளாக்–ஷோல்ஸ் கணக்கு சொல்லும். சந்தை படிப்படியாக இறங்கும்வரை இது அழகாக வேலை செய்யும்.

அந்தத் திங்களன்று படி இல்லை. காலையில் நியூயார்க்கில் பல பெரிய பங்குகளில் வியாபாரமே தொடங்க முடியவில்லை. வாங்க ஆளில்லாமல் விற்பனை ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. சிகாகோ ஃபியூச்சர்ஸ் அதற்குள் பள்ளத்தில் இருந்தது. கணக்குப்படி விற்க வேண்டிய விலையைச் சந்தை தாண்டிப் போய்விட்டது. விற்க வேண்டியவர்களோ ஒருவர் இருவர் இல்லை. பிறகு விசாரித்த பிரேடி குழுவின் மதிப்பீட்டில், 6,000 முதல் 9,000 கோடி டாலர் சொத்து இந்த முறையின் கீழ் இருந்தது. விலை இறங்கியதால் அவர்கள் விற்றார்கள், விற்றதால் விலை இறங்கியது.

வீட்டில் செய்த புட் கைவிட்டுவிட்டது. பாதுகாப்பு வேண்டும் என்றால் நிஜப் புட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று வாங்குபவர்களுக்குப் புரிந்தது. விற்பவர்களுக்கும் ஒன்று புரிந்தது, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். புட் விற்பவரும் அதே கணக்கின்படிதான் தன்னைக் காத்துக்கொள்கிறார். சந்தை இறங்க இறங்க ஃபியூச்சர்ஸ் விற்கிறார். விலை படி தாண்டிக் குதித்தால் அவரும் நடுவழியில் மாட்டிக்கொள்வார். சூத்திரம் சொன்ன 35 ரூபாய், இந்தக் குதிப்பே நடக்காது என்ற நம்பிக்கையில் போட்ட விலை. கோடு ஏன் இப்படி நிமிர்ந்தே இருக்கிறது என்று எழுதும்போது, ரூபின்ஸ்டைனே அதற்கு வைத்த பெயர் ‘க்ராஷ்-ஓ-ஃபோபியா’.

ஆனால் பயம் என்று மட்டும் சொல்லிவிட்டால் விஷயம் பாதியில் நின்றுவிடும். புட் விற்றவரின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்ப்போம். 23,750 புட்டை 90 ரூபாய்க்கு விற்றார். ஐந்து நாளில் ஃபியூச்சர்ஸ் 4 சதவீதம் இறங்கி 24,000க்கு வந்தது. ஐ.வி. அதே 17இல் இருந்திருந்தால் புட் விலை சுமார் 310. ஆனால் சந்தை இப்படி இறங்கும்போது ஐ.வி. சும்மா இருக்காது, 25க்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், புட் 505 ரூபாய். இறக்கம் ஒரு அடி, அதற்கு மேல் வாலட்டிலிட்டி இன்னொரு அடி. மறுபுறம் 26,250 காலை விற்றவரைப் பாருங்கள். அதே ஐந்து நாளில் 4 சதவீதம் ஏறி 26,000. ஐ.வி. 11இல் நின்றிருந்தால் கால் 191. ஆனால் சந்தை நிதானமாக ஏறும்போது ஐ.வி. வழக்கமாக இறங்கும். 10க்கு வந்தால் கால் 166தான். நஷ்டப்படும் நேரத்தில் கால் விற்றவருக்கு வாலட்டிலிட்டி கை கொடுக்கிறது; புட் விற்றவரைக் கீழே தள்ளி மிதிக்கிறது.

இந்த இரண்டாவது அடி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சாட்சி 2020 மார்ச் 23. நாடு முழுவதும் ஊரடங்கு வரப்போகிறது என்ற பீதியில் காலையிலேயே 10 சதவீத சர்க்யூட் அடித்து வியாபாரம் நின்றது. மீண்டும் தொடங்கியபோதும் விழுந்தது. முந்தைய வெள்ளியன்று 8,745இல் முடிந்த நிஃப்டி 7,610இல் முடிந்தது, 13 சதவீத இழப்பு. நிஃப்டி ஆப்ஷன்களின் ஐ.வி.யைத் திரட்டிச் சொல்லும் இந்தியா விக்ஸ், அந்த ஆண்டு ஜனவரியில் 20க்குக் கீழே இருந்தது. அந்த வாரம் 70ஐத் தாண்டியிருந்தது. வியாபாரம் நின்றிருந்த நேரத்தில் புட் விற்றவரால் எதையும் விற்று ஹெட்ஜ் செய்ய முடியாது. ஒரே நாளில் 13 சதவீதம் ஏறிய நாள் ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தால், 2009 மே மாதம் தேர்தல் முடிவுக்குப் பிந்தைய திங்கட்கிழமை ஒன்று இருக்கிறது. நிஃப்டி 17 சதவீதத்துக்கு மேல் ஏறி சர்க்யூட்டில் நின்றது. மேலே குதிப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. அபூர்வம், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி: யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள்? மியூச்சுவல் ஃபண்டு, ஓய்வூதிய நிதி, காப்பீட்டு நிறுவனம் என்று பெரிய பணம் எல்லாமே பங்குகளை வைத்திருக்கிறது. சந்தை ஏறினால் அவர்களுக்கு லாபம், அதற்குக் கால் வாங்கத் தேவையில்லை. விழுந்தால்தான் கவலை, அதற்குப் புட் வேண்டும். அதோடு, கையில் உள்ள பங்குகளின் மேல் காலை விற்றுக் கொஞ்சம் கூடுதல் வருமானம் பார்ப்பதும் அவர்கள் பழக்கம். ஆக, கீழ் ஸ்ட்ரைக்கில் வாங்க வரிசை நிற்கிறது, மேல் ஸ்ட்ரைக்கில் விற்க வரிசை நிற்கிறது. கோடு இடதில் உயர்ந்து வலதில் தாழ்வதில் என்ன ஆச்சரியம்?

வாங்க ஆள் அதிகம் என்றால் விற்கவும் ஆள் வந்து விலையை இறக்கிவிட வேண்டாமா என்று கேட்கலாம். வருவதில்லை, அல்லது போதிய அளவு வருவதில்லை. கார் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இன்று ஒரு கார், நாளை ஒரு கார் என்று மோதினால், ஆயிரம் பேர் கட்டிய பிரீமியத்திலிருந்து ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாக் காரும் ஒரே இரவில் மூழ்கினால் அந்தக் கணக்கு உதவாது. குறியீட்டுப் புட் எப்போதுமே இந்த இரண்டாம் வகை. விற்ற அத்தனை புட்டும் ஒரே நாளில் பணம் கேட்டு வரும். அதுவும் விற்றவரின் மற்ற முதலீடுகளும் சரிந்து, கடன் கொடுத்தவர் கதவைத் தட்டி, பங்குச் சந்தை மார்ஜினை உயர்த்தும் அதே நாளில் வரும். அந்த நாளுக்காக மூலதனத்தை ஒதுக்கிவைக்கச் சம்மதிப்பவர் கேட்கும் கூலிதான் 35க்கும் 90க்கும் இடையில் உள்ள பெரும்பகுதி.

இதற்குள் கம்பெனிகளின் கடன் பற்றிய ஒரு விளக்கமும் உண்டு. பங்கு விலை இறங்கினால் கம்பெனியின் கடன் பங்கு மதிப்போடு ஒப்பிடும்போது பெருக்கிறது, அதனால் பங்கின் ஆட்டமும் கூடுகிறது என்பது பிளாக் 1976இல் சொன்ன வாதம். உண்மைதான், ஆனால் இவ்வளவு செங்குத்தான சரிவை விளக்க அது மட்டும் போதாது.

எல்லாச் சந்தையிலும் இடது பக்கம்தான் உயர வேண்டும் என்று விதி இல்லை. எந்தப் பக்கம் குதித்தால் அதிகம் பேருக்கு வலிக்குமோ அந்தப் பக்கம் உயரும். யூரோ–டாலர் போன்ற நாணய ஜோடியில் ஒருவரின் நஷ்டம் இன்னொருவரின் லாபம். இரு பக்கமும் பயப்பட ஆள் இருப்பதால் கோடு புன்னகைக்கு நெருக்கமாக வரும். டாலர்–ரூபாயில் நெருக்கடி வந்தால் டாலர்தான் சட்டென்று ஏறும். கச்சா எண்ணெய் இறக்குமதி செய்பவருக்கு அது அடி. அங்கே டாலர் கால்தான் விலை கூடியது. கோதுமை, சோளம் போன்றவற்றில் வறட்சி வந்தால் விலை எகிறும் என்பதால், விளைச்சல் பருவத்தில் கால் பக்கம் தூக்கலாக இருக்கும்.

புட் இவ்வளவு விலை கூடியதாக இருக்கிறதென்றால் விற்றுக்கொண்டே இருக்கலாமே என்ற எண்ணம் இந்த இடத்தில் பலருக்கும் வரும். நீண்ட காலச் சராசரியில், குறியீட்டுப் புட் விற்றவர்களுக்கு லாபம் இருந்தும் இருக்கிறது. ஆனால் அந்தச் சராசரியைப் பார்க்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். விக்டர் நீடர்ஹாஃபர் அமெரிக்காவில் பெயர்பெற்ற நிதி மேலாளர், ஜார்ஜ் சோரஸிடம் பணியாற்றியவர். எஸ் அண்ட் பி ஃபியூச்சர்ஸில் தொலைதூரப் புட்களை விற்றுவைத்திருந்தார். அதற்கு முன்பே அந்த ஆண்டு தாய்லாந்து நெருக்கடியில் அடி வாங்கியிருந்தார். 1997 அக்டோபர் 27 அன்று எஸ் அண்ட் பி 500 ஏறக்குறைய 7 சதவீதம் விழுந்தது. கட்ட வேண்டிய மார்ஜினுக்குப் பணமில்லாமல் அவருடைய நிதிகள் மூடப்பட்டன. மறுநாளே சந்தை நன்றாக மீண்டது என்பது வேறு விஷயம். அப்போது அவர் ஆட்டத்தில் இல்லை.

திரையில் நீங்களே ஸ்க்யூவைப் பார்க்க விரும்பினால் சில பொறிகளைத் தாண்ட வேண்டும். ‘சம தூரம்’ என்பதை நிஃப்டியின் ஸ்பாட் விலையிலிருந்து அளக்காமல், அதே எக்ஸ்பைரியின் ஃபியூச்சர்ஸ் விலையிலிருந்து அளக்க வேண்டும். வட்டியால் ஃபியூச்சர்ஸ் வழக்கமாகக் கொஞ்சம் மேலே இருக்கும். ஸ்பாட்டிலிருந்து அளந்தால் கால் உண்மையில் கிட்டேயும் புட் எட்டவும் இருக்கும். ஒரே ஸ்ட்ரைக்கில் கால் பக்கம் ஒரு ஐ.வி.யும் புட் பக்கம் இன்னொன்றும் காட்டினால், அது பயமும் அல்ல வாய்ப்பும் அல்ல, கணிப்பொறியில் போட்ட வட்டி சந்தையோடு பொருந்தவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடைசியாக வியாபாரமான விலையை நம்பாமல், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவை எடுப்பது நல்லது. தொலைவில் உள்ள ஒரு புட் காலை பத்து மணிக்கு வியாபாரமாகி, அதற்குப் பிறகு நிஃப்டி நூறு புள்ளி நகர்ந்திருக்கலாம். மிகத் தொலைவில் ஒன்றிரண்டு ரூபாயில் கிடக்கும் ஆப்ஷன்களின் ஐ.வி. 40, 50 என்று பயமுறுத்தும். அதற்குக் கீழே விற்க யாருக்கும் மனம் வராததால் நிற்கும் விலை அது. அதை வைத்துச் சந்தையின் மனத்தைப் படிக்க முடியாது.

இன்னொன்று, ஐந்து சதவீதம் என்பது அமைதியான மாதத்தில் வெகு தூரம், கொந்தளிப்பான மாதத்தில் பக்கத்து வீடு. அதனால் தொழில்முறையாளர்கள் தூரத்தை டெல்டாவில் அளக்கிறார்கள். அடியில் உள்ள குறியீடு ஒரு ரூபாய் நகர்ந்தால் 25 பைசா நகரும் புட்டையும், அதே 25 பைசா நகரும் காலையும் எடுத்து, இரண்டின் ஐ.வி. வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வார்கள். அந்த ஒரு எண்ணைத் தினமும் இந்தியா விக்ஸோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே நகர்வதில்லை என்பது தெரியும். தேர்தல் முடிவுக்கு முந்தைய நாட்களில் கோடு முழுவதும் மேலே தூக்கப்பட்டு, சாய்வு பெரிதாக மாறாமல் இருக்கலாம். வேறு சில வாரங்களில் விக்ஸ் அடக்கமாக இருக்கும்போதே இடது ஓரம் மட்டும் மெல்ல உயரும். பெரிய நிதிகள் பங்குகளை விற்காமல் புட் வாங்கிச் சேர்க்கும்போது இப்படி நடக்கும்.